பயணிகள் எழுதிய கருத்துகளைச் சொல்பட்டியல் வைத்துத் தலைப்புவாரியாகப் பிரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர்களிடம் "உங்கள் கருத்தை எழுதுங்கள்" என்று ஒரு காலிக் கட்டம் கொடுத்தால் ஆயிரக்கணக்கில் வரிகள் வந்து குவியும். அவற்றைத் தாமதம், நிறுத்தம், ஊழியர், கூட்டம், சில்லறை என்று பிரிக்க எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் போதும். ஆனால் ஆங்கிலத்துக்கு எழுதிய வழிமுறையை அப்படியே தமிழ் வரிகளுக்குப் போட்டால் பாதி வரிகள் நழுவிவிடும். இங்கே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை அந்த நழுவலைப் பற்றியவை. உதாரண வரிகள் நாங்கள் விளக்கத்துக்காக எழுதியவை.

அடிப்படை என்ன? ஒரே ஃபார்முலாவில் முடியுமா?

முடியும். இரண்டு தாள் வேண்டும். `words` என்ற தாளில் A பத்தியில் தேடுசொல், B பத்தியில் அது எந்தத் தலைப்பைச் சேர்ந்தது என்று எழுதுங்கள். இன்னொரு தாளில் A பத்தியில் பயணிகளின் கருத்து இருக்கும். B, C பத்திகள் எழுத்தைச் சுத்தம் செய்ய (அது கீழே வருகிறது). D-யில் தொடங்கி ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பத்தி. D1-ல் "தாமதம்", E1-ல் "நிறுத்தம்" என்று பெயர் எழுதிவிட்டு D2-ல் இதைப் போட்டு வலப்பக்கமும் கீழேயும் இழுத்துவிடுங்கள்:

```
=--(SUMPRODUCT((words!$B$2:$B$80=D$1)*(words!$A$2:$A$80<>"")*ISNUMBER(SEARCH(words!$A$2:$A$80,$C2)))>0)
```

அந்தத் தலைப்புக்குரிய சொற்களில் ஏதாவது ஒன்று வரியில் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. நடுவில் உள்ள `<>""` பகுதியை எடுத்துவிடாதீர்கள். `SEARCH` காலிச் சொல்லைத் தேடினால் "முதல் இடத்திலேயே இருக்கிறது" என்று பதில் சொல்லும். பட்டியலில் ஒரு காலிக் கட்டத்துக்கு எதிரே தலைப்பு மட்டும் இருந்துவிட்டால், எல்லா வரியும் அந்தத் தலைப்பில் போய் விழும். ஒரு பத்தி முழுக்க 1 என்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

"பேருந்து" என்று பட்டியலில் போட்டிருக்கிறேன். "பேருந்தில்" என்று எழுதிய வரி சிக்கவே இல்லை. ஏன்?

கணினி பார்ப்பது நாம் வாசிக்கும் எழுத்தை அல்ல, உள்ளே சேமித்திருக்கும் குறிகளின் வரிசையை. "பேருந்து" என்பதில் கடைசியில் த-வும் அதன்மேல் உகரக் குறியும் தனித்தனியாக இருக்கின்றன. "பேருந்தில்" என்று வேற்றுமை உருபு சேர்ந்ததும் உகரக் குறி போய் அந்த இடத்தில் இகரக் குறி வந்துவிடுகிறது. எனவே "பேருந்து" என்ற முழு வரிசை அதற்குள் கிடையாது. புள்ளியில் முடியும் சொல்லுக்கும் இதே கதிதான். "கண்டக்டர்" என்பதில் கடைசியில் ர-வும் புள்ளியும் இருக்கின்றன. "கண்டக்டரிடம்" ஆனதும் புள்ளி காணாமல் போகிறது.

வழி எளிது. கடைசிக் குறியை வெட்டிவிட்டுப் பட்டியலில் எழுதுங்கள்: "பேருந்த", "கண்டக்டர", "டிரைவர". பார்க்க அரைகுறையாக இருக்கும். ஆனால் "கண்டக்டர" என்ற வரிசை கண்டக்டர், கண்டக்டரை, கண்டக்டருக்கு எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிறது, ஏனென்றால் புள்ளியும் உயிர்க்குறிகளும் ர-வுக்கு அடுத்துத்தான் வருகின்றன. ஒற்று இரட்டிக்கும் சொற்களுக்கும் இது சரிப்படும். "வீடு" என்பதை "வீட" என்று வெட்டினால் "வீட்டில்", "வீட்டுக்கு" இரண்டும் மாட்டும்.

உங்கள் கணினியில் இது இப்படித்தான் நடக்கிறதா என்று ஒரு காலிக் கட்டத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். `TRUE` வர வேண்டும்:

```
=ISNUMBER(SEARCH("பேருந்த","பேருந்தில்"))
```

ஆங்கிலத்திலிருந்து வந்த சில சொற்களில் வெட்டவே வேண்டாம். "பஸ்" என்பது "பஸ்ஸில்" ஆகும்போதும் "ஸ்டாப்" என்பது "ஸ்டாப்பில்" ஆகும்போதும் ஒற்று இரட்டித்துப் புள்ளி அப்படியே நிற்கிறது.

"நேரம்" என்பதை "நேர" என்று வெட்டினேன். இப்போது தாமதம் என்ற தலைப்பில் சம்பந்தமே இல்லாத வரிகள் வருகின்றன.

அந்த வரிகளைத் திறந்து பாருங்கள், அநேகமாகப் புதுச்சேரி நேரு வீதி அதில் இருக்கும். "நேரு" என்பதில் "நேர" என்ற வரிசை முழுதாக இருக்கிறது. "நேரு வீதிக்கு மினி பஸ் விடுங்க" என்று ஒருவர் எழுதினால் அது தாமதப் புகாராகப் பதிவாகிவிடும். நேரடியாக, நேரில், நேர்மை எல்லாமே இதே வலையில் விழும்.

மகரத்தில் முடியும் சொற்களுக்கு நான் சொல்வது இதுதான்: வெட்டிய ஒரு வடிவத்துக்குப் பதில் இரண்டு வடிவம் எழுதுங்கள். "நேரம" என்றால் நேரம், நேரமாக, நேரமாச்சு கிடைக்கும். "நேரத்த" என்றால் நேரத்தில், நேரத்துக்கு, நேரத்தை கிடைக்கும். நேரு வீதி இரண்டிலும் மாட்டாது. கூட்டத்துக்கும் இதே மாதிரி "கூட்டம", "கூட்டத்த" என்று போட்டால் கூட்டுறவு வெளியே நின்றுவிடும். "நேர அட்டவணை", "கட்டண உயர்வு" மாதிரி மகரம் கெட்டு நிற்கும் தொடர்கள் மட்டும் இரண்டு வடிவத்திலும் தப்பிவிடும். அவற்றைத் தொடராகவே தனியே சேர்க்க வேண்டும்.

"தாமதம்" போன்ற சொல்லுக்கு இந்தக் கவலை வேண்டாம், "தாமத" போதும். சொல் நீளமானால் தற்செயலாக இன்னொன்றுக்குள் அகப்படும் வாய்ப்பு குறைகிறது. இரண்டு மூன்று எழுத்துச் சொல்லைச் சேர்க்கும்போதுதான் நின்று யோசிக்க வேண்டும்.

ஊர்ப்பெயர்கள் எப்போதும் தனிச் சோதனைக்குரியவை. புதிய பஸ் கேட்பவர்களைப் பிடிக்க "புது" என்று போட்டால் புதுச்சேரி, புதுவை, கடலூர் புதுப்பாளையம் எல்லாம் வந்து நிற்கும். கடற்கரை பற்றிக் கருத்துக் கேட்பவர்கள் "கடல" என்று வெட்டினால் கடலூர் என்று எழுதிய அத்தனை பேரும் உள்ளே வருவார்கள், "கடற்கரை" என்று எழுதியவர் வெளியே நிற்பார். பட்டியல் தயாரானதும் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று வழியில் உள்ள ஊர்களின் பெயர்களைக் கருத்துப் பத்தியில் தனித்தனி வரிகளாக ஒட்டி ஃபார்முலாவை ஓடவிடுங்கள். எதற்கும் 1 வரக் கூடாது.

முழுச் சொல்லை மட்டும் தேடச் சொல்ல முடியாதா? ஆங்கிலத்தில் `\b` போடுகிறார்களே?

கூகுள் ஷீட்ஸில் `REGEXMATCH` பயன்படுத்தும் RE2 என்ற தேடல் நிரலில், சொல்லின் எல்லையைக் குறிக்கும் `\b` என்பது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே சொல்லின் பகுதியாக எண்ணும். தமிழ் எழுத்துக்கு அது வேலை செய்யாது. வேலை செய்தாலும் நமக்கு அது முழுதாக உதவாது. தமிழில் உருபு எல்லாம் சொல்லின் வலப்பக்கம் ஒட்டுகிறது. வலப்பக்கத்தை மூடினால் "கண்டக்டரிடம்" போய்விடும். மூட வேண்டியது இடப்பக்கம்.

அதற்குத்தான் C பத்தி. இடைவெளி, காற்புள்ளி, முற்றுப்புள்ளி, வரிமுறிவு எல்லாவற்றையும் அடிக்கோடாக மாற்றி, முன்னும் பின்னும் ஒரு அடிக்கோடு சேர்த்துவிடுங்கள்:

```
="_"&SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(B2,CHAR(10),"_"),".","_"),",","_")," ","_")&"_"
```

இனி பட்டியலில் `_சீட்` என்று எழுதினால் "சீட்" என்று தொடங்கும் சொல் மட்டும் கிடைக்கும், "பயணச்சீட்டு" வராது. `_புது_` என்றால் "புது பஸ்" மட்டும். அடிக்கோடு கண்ணுக்குத் தெரிவதால், பட்டியலில் சொல்லுக்கு முன்னால் இடைவெளி போட்டதா இல்லையா என்று தேட வேண்டிய தொல்லையும் இல்லை. இரண்டு சொல் சேர்ந்த தொடர் என்றால் நடுவிலும் அடிக்கோடு: `நேர_அட்டவண`.

எல்லாச் சொல்லுக்கும் இடப்பக்கத்தை மூடிவிடாதீர்கள். "மாணவர்கட்டணம்" என்று சேர்த்து எழுதுகிறவர் இருக்கிறார், "பஸ்லேட்" என்று இடைவெளி விடாமல் அடிப்பவரும் இருக்கிறார். குட்டிச் சொற்களுக்கு மட்டும் போதும்.

ஒரு தலைப்பை முழுதாக எப்படிக் கட்டுவது என்று காட்ட முடியுமா?

"படியில் தொங்குவது" என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். பாதுகாப்பு விஷயம் என்பதால் ஒரு வரிகூட விடுபடக் கூடாது. முதல் யோசனை "படி" என்ற சொல். ஆனால் "அப்படி", "எப்படி", "படிக்கிற பிள்ளைகள்", "படிவம்" என்று கருத்துப் பத்தியில் பாதி வந்துவிடும். `_படி` என்று இடப்பக்கம் மூடினால் அப்படியும் எப்படியும் போகும், படிக்கிற பிள்ளைகள் போகமாட்டார்கள். காலை நேர பஸ்ஸில் கல்லூரி மாணவர்கள்தான் அதிகம் என்பதால் அந்தச் சொல் நிறையவே வரும். சரி, "படிக்" என்று தொடங்குவதை விலக்கலாமா என்றால், அப்போது "படிக்கட்டு" சேர்ந்து போய்விடுகிறது. நமக்கு வேண்டியதே அதுதான்.

எனவே வேரைப் பிடிக்காமல், மக்கள் உண்மையில் எழுதும் வடிவங்களைப் பிடிக்க வேண்டும். `_படியில`, `படிக்கட்ட`, `தொங்க`, `புட்போர்`, `ஃபுட்போர்`, `footboard`. இதில் "தொங்க" என்பது தொங்கி, தொங்குறாங்க, தொங்கிக்கிட்டு எல்லாவற்றையும் பிடிக்கிறது. "படியில" என்பதற்கு இடப்பக்கம் மூடாவிட்டால் "அப்படியில்லை" வந்துவிடும்.

இப்போது மூன்று வரிகளை ஓட்டிப் பார்ப்போம். "பசங்க தொங்கிக்கிட்டு வராங்க, பார்க்கவே பயமா இருக்கு" என்பது "தொங்க" வழியாக மாட்டும். "படிக்கிற பிள்ளைகளுக்குத் தனி பஸ் விடுங்கள்" எதிலும் மாட்டாது, சரி. "கூட்டத்துல வாசல்லயே நிக்க வேண்டியிருக்கு" என்பது கூட்டத்தில் மட்டும் பதிவாகும். இது தொங்கும் விஷயமா? ஓரளவு ஆம். "வாசல்" என்பதைச் சேர்ப்பதா என்பது தலைப்பின் எல்லையை நீங்கள் எப்படி வகுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்த எல்லையை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பட்டியலின் C பத்தியில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதம் பட்டியலைத் திருத்துகிறவர் வேறு மாதிரி முடிவெடுப்பார்.

"நிறுத்த" என்று போட்டால் நிறுத்தாமல் போகும் புகார் எல்லாம் வருகிறது. கூடவே "ஹாரன் அடிப்பதை நிறுத்துங்கள்" என்பதும் வருகிறது.

இங்கே தமிழ் நமக்குச் சாதகமாக இருக்கிறது. எதிர்மறை வினைக்குள்ளேயே ஒட்டி வருவதால் அதையே தேடுசொல்லாக்கலாம்: `நிறுத்தாம`, `நிறுத்தவில்ல`, `நிறுத்தல_`, `நிக்காம`, `நிற்காம`. கடைசி அடிக்கோடு இல்லாமல் "நிறுத்தல" என்று விட்டால் "நிறுத்தலாம்" என்ற யோசனையும் புகாராகிவிடும். "நிறுத்தலை" என்று எழுதுகிறவர்களுக்காக அதையும் தனியே சேர்த்துக்கொள்ளுங்கள். "வரல" என்பதற்கும் இதே கவனம் வேண்டும், "வரலாம்" உள்ளே வந்துவிடும்.

ஆனால் "பஸ் சுத்தமாக இருக்கிறது", "பஸ் சுத்தமாக இல்லை" இரண்டும் "சுத்தம்" என்ற தலைப்பில் விழுவதில் தவறில்லை. இந்த முறை சொல்வது எதைப் பற்றி எழுதினார்கள் என்பதை மட்டுமே. பாராட்டா புகாரா என்பதை இதே பட்டியலில் திணிக்கப் பார்த்தால் இரண்டுமே கெடும். படிவத்தில் 1 முதல் 5 வரை மதிப்பெண் கேட்டிருந்தால் அதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டு வரியும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கிறது. ஒன்று சிக்குகிறது, இன்னொன்று சிக்கவில்லை.

ஒகரம், ஓகாரம் வரும் சொல்லா என்று பாருங்கள். "தொ" என்பதை த-வுக்குப் பின் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். `=LEN(...)` போட்டால் ஒன்று 2 என்றும் மற்றது 3 என்றும் காட்டிக்கொடுத்துவிடும். B பத்தியில் எல்லாவற்றையும் ஒரே முறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், பட்டியலில் உள்ள சொற்களையும் இதே வழியில் மாற்றிக்கொள்ளுங்கள்:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(A2,UNICHAR(3014)&UNICHAR(3006),UNICHAR(3018)),UNICHAR(3015)&UNICHAR(3006),UNICHAR(3019))
```

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் இது உதவாது. அதை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்களே, அதற்கு என்ன செய்வது?

அதற்கும் பட்டியல்தான். `SEARCH` பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்காது என்பதால் `late`, `nikkala`, `nikala`, `sillara`, `chillara` என்று வருகிற வடிவங்களைச் சேர்த்தால் போதும். வீட்டில் உட்கார்ந்து ஊகித்து எழுதாதீர்கள், வந்த வரிகளிலிருந்து பொறுக்குங்கள். தமிழ் எழுத்திலேயே "சில்லறை", "சில்லரை", "நடத்துனர்", "நடத்துநர்" என்று இரண்டு விதமாக வரும். அங்கே பொதுவான முன்பகுதியே போதும்: "சில்ல", "நடத்து". புதுச்சேரி ஒன்றியப் பகுதி முழுவதற்கும் கருத்துக் கேட்டிருந்தால் மாஹேயிலிருந்து மலையாளமும் ஏனாமிலிருந்து தெலுங்கும் வரும். அவற்றுக்குத் தனிப் பட்டியல் வேண்டும், தெரிந்தவர்தான் எழுத வேண்டும்.

ஒரு வரியில் இரண்டு மூன்று புகார் இருந்தால் எந்தத் தலைப்பில் போடுவது?

எல்லாவற்றிலும். "கன்னியக்கோயிலில் நிறுத்தாமல் போகிறார்கள், கேட்டால் கண்டக்டர் கத்துகிறார்" என்பது நிறுத்தத்துக்கும் ஊழியருக்கும் சமமாகச் சொந்தம். பத்திக்கு ஒரு தலைப்பு வைத்தது இதற்காகத்தான். `INDEX`, `MATCH` வைத்து ஒரே தலைப்பைத் தரும் ஃபார்முலாக்கள் பரவலாகக் கிடைக்கின்றன. அவை பட்டியலில் முதலில் நிற்கும் சொல்லை எடுக்கும், `LOOKUP` வைத்து எழுதியவை கடைசியில் நிற்பதை எடுக்கும். பட்டியலை அகரவரிசைப்படுத்தினாலே முடிவு மாறிவிடும், அதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். அறிக்கையில் மட்டும் "ஒருவர் பல தலைப்புகளில் வரலாம், கூட்டினால் 100 சதவீதத்தைத் தாண்டும்" என்று ஒரு வரி எழுதுங்கள்.

பட்டியல் சரியாக வேலை செய்கிறது என்று எப்படி நம்புவது?

எந்தத் தலைப்பிலும் சேராத வரிகளை முதலில் வாசியுங்கள். அங்கே மறுபடி மறுபடி வரும் சொல்தான் பட்டியலில் இல்லாத சொல். இதைச் செய்யாமல் "மற்றவை 40 சதவீதம்" என்று அறிக்கை கொடுப்பது வேலையைப் பாதியில் விடுவது.

ஆனால் அதோடு நிறுத்தினால், தவறான தலைப்பில் போய் உட்கார்ந்த வரிகள் கண்ணில் படாது. அதற்கு `=RAND()` பத்தி ஒன்று சேர்த்து, அதன்படி வரிசைப்படுத்தி 100 வரிகளை எடுங்கள். பட்டியல் தயாரிக்கப் பார்த்த வரிகளாக அவை இருக்கக் கூடாது. ஃபார்முலாப் பத்திகளை மறைத்துவிட்டு இன்னொருவர் கையால் தலைப்புப் போடட்டும். பிறகு ஒப்பிடுங்கள். தாமதம் என்று கையால் 30 வரிக்குப் போட்டிருக்கிறார், ஃபார்முலா 28 வரிக்குப் போட்டிருக்கிறது, இரண்டிலும் பொதுவாக வருபவை 24 என்று வைத்துக்கொள்வோம். ஃபார்முலா பிடித்ததில் 4 தவறு, பிடிக்காமல் விட்டது 6. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 28-க்கும் 30-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். இரண்டு வகைத் தவறும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. அதனால் தலைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

எது மோசம் என்பது தலைப்பைப் பொறுத்தது. படியில் தொங்குவது, பெண் பயணிகளிடம் அத்துமீறுவது போன்றவற்றில் விடுபடுவதுதான் ஆபத்து. அங்கே பட்டியலைத் தாராளமாக வைத்து, மாட்டிய எல்லா வரியையும் ஒருவர் வாசிக்க வேண்டும். சில்லறைப் பிரச்சினையில் நாலு வரி கூடக்குறைய இருந்தால் பாதகமில்லை.

போன மாதம் தாமதப் புகார் குறைவு, இந்த மாதம் அதிகம். சேவை மோசமாகிவிட்டது என்று சொல்லலாமா?

நடுவில் பட்டியலைத் தொட்டீர்களா என்று பாருங்கள். "லேட்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தாலே எண்ணிக்கை ஏறும். பட்டியலை மாற்றும்போதெல்லாம் தேதியிட்டு ஒரு நகல் வைத்துக்கொண்டு, பழைய மாதங்களையும் புதிய பட்டியலால் மறுபடி ஓட்டிய பிறகே ஒப்பிடுங்கள். மழைக்காலத்தில் வந்த வரிகளில் "தண்ணி நிக்குது", "சாலை" என்று இதுவரை பட்டியலில் இல்லாத சொற்கள் வரும் என்பதால், அந்த மாதங்களில் சேராத வரிகளை மறுபடி வாசிக்க வேண்டியிருக்கும்.

எங்களிடம் மொத்தமே 150 வரிதான் இருக்கிறது. இதெல்லாம் வேண்டுமா?

வேண்டாம். இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு பிற்பகலில் வாசித்துக் கையால் பிரித்துவிடலாம், அதுவே துல்லியமாகவும் இருக்கும். மாதாமாதம் வரிகள் வந்துகொண்டே இருக்கும் என்றால் மட்டும், கையால் பிரித்த அந்த 150 வரிகளிலிருந்து தேடுசொற்களைப் பொறுக்கிப் பட்டியலைத் தொடங்குங்கள்.